நீண்ட மௌனத்துக்குப் பின் எழுதும் முதல் வரி

பேச எடுத்துக்கொண்ட விஷயம் அளவில் சின்னது. ஒரு காலத்தில் ஒரே ஷிப்டில் நம்முடன் வேலை செய்தவர். பத்து, இருபது, சில வேளை முப்பது வருடங்களாகப் பேச்சே இல்லை. இப்போது எப்படியோ அவருடைய தொலைபேசி இலக்கம் கைக்கு வந்திருக்கிறது. அவருக்கு என்ன எழுதுவது? அதிலும் முதல் வரியில் என்ன எழுதுவது? முதல் வரியில் வேண்டுகோள் இருக்கக்கூடாது என்று நான் வாதிடப் போகிறேன். அது மரியாதைக் குறைவு என்று சொன்னால் எல்லோரும் தலையசைப்பார்கள், பேச்சும் அத்தோடு முடிந்துவிடும். மரியாதையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்த முதல் வரி செய்ய வேண்டிய வேலை என்ன, வேண்டுகோள் அந்த வேலையை எப்படிக் கெடுக்கிறது என்று பார்ப்போம். அதைத் திருகோணமலைத் துறைமுகப் பகுதியை வைத்தே பார்க்கலாம். ஏனென்றால் இந்த ஊரின் மௌனத்துக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது.

இங்கே வேலைத்தலங்கள் மனிதர்களைச் சேர்த்ததும் உண்டு, ஒரே வீச்சில் கலைத்ததும் உண்டு. 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை தன் தளத்தை இலங்கையிடம் கையளித்துவிட்டுப் போனபோது, அந்த டொக்யார்டை நம்பியிருந்தவர்கள் வேறு வேறு ஊர்களுக்குப் பிழைப்புத் தேடிப் போனார்கள். பிறகு 1979இல் துறைமுக அதிகாரசபை வந்தது. 1980இல் சீனக்குடாவில் கோதுமை மா ஆலை அரைக்கத் தொடங்கியது. அந்தப் பத்தாண்டிலேயே சீமெந்துத் தொழிற்சாலையும் வந்தது. கப்பலிலிருந்து கோதுமை இறங்கும் இறங்குதுறையிலும் ஆலைக்குள்ளும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தோளோடு தோள் நின்று வேலை செய்தார்கள். பிறகு 1983, அதற்குப் பிறகு 1990. ஒருவர் படகேறி மண்டபம் முகாமுக்குப் போனார், ஒருவர் ரொறொன்ரோவுக்குப் போனார், ஒருவர் கந்தளாய்ப் பக்கம் போனார், ஒருவர் எங்கும் போகாமல் கிண்ணியாவிலேயே இருந்தார். இவர்களுக்குள் சண்டை எதுவும் நடக்கவில்லை. வீடு போயிற்று, வீட்டோடு முகவரி எழுதி வைத்த கொப்பியும் போயிற்று. அமைதியான ஊர்களில் நீண்ட மௌனம் என்றால் அக்கறை குறைந்துவிட்டது என்று பொருள் கொள்ளலாம். இந்த ஊரில் பெரும்பாலும் அப்படிப் பொருள் கொள்ள முடியாது. எழுதுகிறவர் குற்றவுணர்வோடு பக்கம் பக்கமாக மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை என்பதற்கும் இதுதான் காரணம். ஏன் எழுதவில்லை என்பது வாசிப்பவருக்கு அநேகமாகத் தெரிந்தே இருக்கும்.

இப்படி விட்டுப்போன தொடர்புக்குப் பயன் இருக்கிறதா என்று சிலர் கேட்கலாம். இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், வேலை மாறியவர்களிடம் அந்த வேலைபற்றி யார் மூலம் அறிந்தீர்கள் என்று விசாரித்து, 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அறிமுகமானவர் மூலம் வேலை அறிந்தவர்களில், அந்த அறிமுகமானவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர் மட்டுமே. மற்றவர்களுக்கு உதவியது எப்போதாவது காண்கிறவர் அல்லது காண்பதே அரிதானவர்; பழைய கல்லூரி நண்பர், முன்பு கூட வேலை செய்தவர் போன்றவர். தினமும் காண்பவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். விலகிப் போனவர் வேறு உலகத்தில் நடமாடுகிறார் என்பது அவர் தந்த விளக்கம். 2011இல் டேனியல் லெவின், ஹோர்ஹே வால்டர், கீத் மெர்னிகன் ஆகிய மூவரும் இன்னும் நெருங்கிய ஒரு சோதனையை வெளியிட்டார்கள். குறைந்தது மூன்று வருடங்களாகப் பேசாத பழைய தொடர்புகளை நிர்வாகிகள் தேடிப் பிடித்து, கையிலிருந்த ஒரு வேலை பற்றி ஆலோசனை கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தப் பழையவர்கள் தந்த ஆலோசனை, நடப்புத் தொடர்புகள் தந்ததைவிடப் புதிதாக இருந்தது. ஒரு காலத்தில் நெருக்கமாக இருந்தவர்களிடம் நம்பிக்கையும் தேயாமல் இருந்தது. இந்தச் சோதனையில் எல்லோரும் ஏதோ ஒன்றைக் கேட்கத்தான் போனார்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது என் வாதத்துக்கு எதிரானதுபோலத் தோன்றும். அதற்குப் பிறகு வருகிறேன்.

பயன் இருந்தும் நாம் ஏன் எழுதுவதில்லை? லாரா அக்னின், ஜில்லியன் சேண்ட்ஸ்ட்ரம் என்ற இரு உளவியலாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரே பதில் சொல்கிறது. பழைய நண்பருக்கு எழுத விருப்பம் உண்டு, அந்த நண்பருக்கும் மகிழ்ச்சியாக இருக்கும் என்ற நினைப்பு உண்டு, தொடர்பிலக்கம் உண்டு, செய்தியை எழுதி முடிக்க நேரமும் தரப்பட்டது. அப்படியிருந்தும் அனுப்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. முன்பின் தெரியாத ஒருவரோடு பேசுவதற்கும் தெருக் குப்பை பொறுக்குவதற்கும் எவ்வளவு மனம் இருந்ததோ, பழைய நண்பருக்கு எழுதவும் அவ்வளவு மனம்தான் இருந்ததாம். சிரிப்பதற்குரிய முடிவுதான், ஆனால் நம்மில் பலருக்கு உள்ளூர உண்மை. இந்தத் தயக்கத்தை உடைப்பது எது? தேவை. மகனுக்கு ஒரு வேலை, ஒரு அத்தாட்சிக் கடிதம், ஒரு காணிப் பத்திரம். இத்தனை நாளும் கூச்சம் தடுத்தது. இன்று அவசரம் தள்ளுகிறது. அப்படிப் பிறக்கும் கடிதத்தில் தேவை தானாகவே தலைவாசலில் வந்து நின்றுகொள்கிறது. எழுதுகிறவர் கெட்டவர் என்பதால் இது நடப்பதில்லை. எழுதுவதற்குத் துணிவு தந்தது எதுவோ அதுவே முதலில் பேனாவிலிருந்து இறங்குகிறது. ஆகவே இது குணத்தைத் திருத்தும் காரியமில்லை, வரிசையைத் திருத்தும் காரியம்.

இனி, வாசிப்பவர் பக்கம் போவோம். அறியாத இலக்கத்திலிருந்து, அதுவும் வெளிநாட்டு இலக்கத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது. திறந்தவருடைய மனதில் எழும் முதல் கேள்வி, இது யார் என்பது. முதல் வரி அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லும் இடத்தில் வேண்டுகோள் உட்கார்ந்திருந்தால் வாசிப்பவர் தானே ஒரு பதிலை ஊகிக்கிறார், அந்த ஊகம் இந்தக் காலத்தில் நல்லதாக இருப்பதில்லை. தெரிந்தவரின் பெயரிலேயே வந்து, உங்களுக்குத் தவறுதலாக ஓர் ஆறு இலக்கக் குறியீடு வந்திருக்கிறது, அதை அனுப்புங்கள் என்று கேட்டுக் கணக்கையே பறித்துக்கொள்ளும் மோசடியைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. அந்த மோசடிக்காரரும் பெயரைச் சொல்லி, உடனே ஒன்றைக் கேட்கிறார். உண்மையான பழைய தோழரும் பெயரைச் சொல்லி உடனே ஒன்றைக் கேட்டால், இரண்டையும் பிரித்தறிய வாசிப்பவரிடம் ஒரு வழியும் இல்லை. கூட வேலை செய்தவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய ஒரு சிறு விவரம் இங்கே இரண்டு காரியம் செய்கிறது: எழுதியவர் உண்மையாகவே அவர்தான் என்று உறுதிப்படுத்துகிறது, வாசிப்பவர் அவருடைய நினைவில் இருக்கிறார் என்றும் சொல்கிறது.

ஓர் உதாரணத்தை எடுத்து முழுதாகப் பார்ப்போம். இது நான் வாதத்துக்காகக் கட்டிய உதாரணம். ஆனால் இதிலுள்ள தேவை இந்த மாவட்டத்தில் நடைமுறையில் இருப்பதுதான். ஒருவர் 1980களில் சீனக்குடாவில் ஒரு தனியார் தொழிற்சாலையில் ஏழெட்டு வருடம் வேலை செய்து, 1990இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய் இப்போது கனடாவில் இருக்கிறார். அவருடைய சம்பளத்திலிருந்து நூற்றுக்கு எட்டு வீதமும் தொழில்கொள்வோர் பங்காகப் பன்னிரண்டு வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போயிருக்கும். 1958ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த அந்த நிதியில், எடுக்காத பணம் வட்டியோடு அப்படியே இருக்கும். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் அதைக் கோரலாம். கோருவதற்குத் தொழில்கொள்வோர் இலக்கமும் தன்னுடைய உறுப்பினர் இலக்கமும் தெரிய வேண்டும். அட்டை, சம்பளத் துண்டு எல்லாம் வீட்டோடு போய்விட்டன. அதே பகுதியில் வேலை செய்த, கிண்ணியாவைச் சேர்ந்த மூத்த தோழர் ஒருவரின் இலக்கம் இப்போது கிடைத்திருக்கிறது. அவருடைய பழைய சம்பளத் துண்டில் தொழில்கொள்வோர் இலக்கம் இருக்கும். கனடாவில் இருப்பவருடைய உறுப்பினர் இலக்கத்துக்கு எந்தப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும், அலுவலகத்தில் யாரைக் கேட்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

அவசரத்தில் எழுதினால் செய்தி இப்படி இருக்கும்: “வணக்கம் நானா, சுகமா? என்னுடைய சேமலாப நிதி இலக்கம் ஒன்று எடுக்க வேண்டும், உங்களிடம் பழைய சம்பளத் துண்டு இருக்கிறதா?” இதில் திட்டோ பொய்யோ ஏதுமில்லை. ‘சுகமா’ என்றும் கேட்டிருக்கிறார். ஆனால் அந்தச் ‘சுகமா’வுக்குப் பதில் சொல்ல இடம் விடவில்லை. முப்பத்தைந்து வருடம் கழித்து வந்த செய்திக்கு நானா சொல்லக்கூடிய பதில் இரண்டே இரண்டு: இருக்கிறது, இல்லை. அவர் வாழ்ந்த வாழ்வு முழுவதும் ஒரு சம்பளத் துண்டைத் தேடும் வழியாகச் சுருங்கிவிட்டது. மாற்றி எழுதினால் இப்படி எழுதலாம்: “நானா, நான் 1985 தொடக்கம் மூட்டை தைக்கிற பகுதியில் உங்களோடு இரவு ஷிப்டில் நின்றவன், எல்லோரும் ‘சின்னவன்’ என்று கூப்பிடுவார்கள். கடைசிப் பாதை போய்விட்டால் நீங்கள் ஊருக்குப் போக முடியாமல் ஸ்டோர் வாங்கில் படுத்துக்கிடந்த இரவுகள் எனக்கு இன்றும் ஞாபகம். பிறகு அங்கே பாலம் வந்துவிட்டது என்று அறிந்தபோது முதலில் உங்களைத்தான் நினைத்தேன். நான் இப்போது ரொறொன்ரோவில் இருக்கிறேன், போன வருடம் ஓய்வு பெற்றேன். உங்கள் இலக்கம் இப்போதுதான் கிடைத்தது. உங்கள் குரலைக் கேட்க விருப்பம். வசதியான நேரத்தைச் சொன்னால் எடுக்கிறேன். இன்னொன்றும் இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன்: அந்தக் கால சேமலாப நிதி இலக்கங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன், அதைப் பற்றியும் பேச வேண்டும். கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை, அதற்கு வேறு வழியும் உண்டு.”

இந்தக் கடிதத்தில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். முதல் வரி யார் என்ற கேள்விக்கு வருடம், பகுதி, ஷிப்டு, பட்டப்பெயர் என்று நான்கு வழியில் பதில் சொல்கிறது. வெறும் பெயர் போதாது. ஒரே பெயரில் ஆலைக்குள் மூன்று பேர் இருந்திருப்பார்கள். இரண்டாவது வரியில் இருப்பது எழுதியவரின் உணர்ச்சியைவிட நானாவின் வாழ்க்கையைச் சேர்ந்தது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை அக்கரை போக மிதக்கும் பாதையைத்தான் நம்பியிருக்க வேண்டும் என்பது வெளியூராருக்குப் பொதுச் செய்தி. நானாவுக்கு அது அவருடைய வாங்கும் அவருடைய இரவும். அழைப்பதற்கு முன் நேரம் கேட்டதும் காரணத்தோடுதான். முப்பத்தைந்து வருடம் கழித்து முன்னறிவிப்பின்றித் தொலைபேசி அடித்தால், எடுப்பவர் முகத்தைச் சீர்செய்துகொள்ளக்கூட அவகாசம் இருக்காது. வேண்டுகோள் கடைசியில் வந்தாலும் ஒளித்து வைக்கப்படவில்லை. அதை மறுப்பதற்குக் கதவும் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. வேறு வழி உண்டு என்பது பொய்யாக இருந்தால் மட்டும் அந்த வாக்கியத்தை எழுதக்கூடாது.

எழுதாமல் விட்டதையும் பாருங்கள். மனைவி எப்படி, மகன் என்ன செய்கிறான் என்று பெயர் சொல்லிக் கேட்கவில்லை. நம் கடித மரபில் குடும்ப நலம் விசாரிப்பது முதல் கடமை. வேறு எங்கும் நான் அதை ஆதரிப்பேன். ஆனால் போரும் 2004 டிசம்பர் 26ஆம் திகதியின் ஆழிப்பேரலையும் கடந்து வந்த கரையில், ஒரு பெயரைச் சொல்லிச் சுகம் கேட்பது, கேட்பவருக்குத் தெரியாமலே ஆறிய புண்ணைக் கீறிவிடக்கூடும். அந்தப் பெயருக்குரியவர் இன்று இல்லாமல் இருக்கலாம், அல்லது எங்கே என்று தெரியாமல் இருக்கலாம். தன்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட்டு நிறுத்தினால், எதைச் சொல்வது, எதை விடுவது என்று மற்றவர் தானே தீர்மானிப்பார். தொண்ணூறில் எங்கே போனீர்கள், யாரோடு போனீர்கள் என்பதையும் எழுத்தில் கேட்காமலிருப்பதே நல்லது. அப்படிப்பட்ட கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வைக்கத் தயங்கிப் பழகிய தலைமுறை அது. அழைக்கும் முறையைப் பற்றியும் ஒரு சொல்: அன்று நானா, அண்ணை, சேர் என்று எப்படி அழைத்தாரோ அப்படியே தொடங்கலாம். இன்று ஒருவர் முகாமையாளராகவும் மற்றவர் காவலாளியாகவும் இருக்கலாம். உறவு நின்றுபோன இடம் அந்தப் பழைய அழைப்பில்தான் இருக்கிறது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது, இது நாடகமல்லவா என்பது. கேட்க ஒன்று இருக்கிறது. அதைப் பின்னுக்குத் தள்ளி, பாலம், பாதை என்று சுற்றி வளைப்பது நேர்மையா? கனமான கேள்விதான். என் பதில், நேர்மையற்றது வேறொரு வழி என்பது. முதல் நாள் அன்பு மட்டும் கொட்டி ஒரு கடிதம், பதில் வந்து உருகிப்போன பத்தாவது நாள் வேண்டுகோளோடு இன்னொரு கடிதம். வாசிப்பவர் அப்போது முதல் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்ப்பார், அது தூண்டில் என்று தெரிந்துவிடும், அதிலிருந்த உண்மையான வரிகளும் கூடவே செத்துப்போகும். எழுதும்போதே கேட்க ஒன்று மனதில் இருந்தால், அதை அதே கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும். நான் தடுப்பது முதல் வரியில் வைப்பதை. ஒளித்து வைப்பதை நான் சிபாரிசு செய்யவில்லை. இரண்டாவது மறுப்பு, எல்லோருக்கும் வேலை இருக்கிறது, விஷயத்தை நேரே சொன்னால்தான் மதிப்பார்கள் என்பது. இன்று கூட வேலை செய்பவருக்கு எழுதும் மின்னஞ்சலில் இது முழு உண்மை. அங்கே யார் என்ற கேள்வியே எழாது. முப்பத்தைந்து வருட இடைவெளியில் அந்தக் கேள்விதான் முதலில் எழுகிறது.

மூன்றாவது, முன்பு தள்ளிவைத்த லெவின் குழுவின் சோதனை. அவர்கள் எல்லோரும் ஆலோசனை கேட்டார்கள், பயனும் பெற்றார்கள். பிறகு ஏன் இந்தத் தயக்கம்? ஆலோசனை கேட்பதற்கும் காரியம் கேட்பதற்கும் உள்ள தூரத்தை இங்கே கவனிக்க வேண்டும். ஆலோசனை கேட்கப்பட்டவர் தன் அறிவால் மதிக்கப்படுகிறார், செலவு சில நிமிடப் பேச்சு. சம்பளத் துண்டைத் தேடச் சொல்வதும் அலுவலகம் போய்வரச் சொல்வதும் அவருடைய பகல் ஒன்றை எடுத்துக்கொள்கின்றன. மேலும் அந்த நிர்வாகிகளின் பிரிவு பெரும்பாலும் ஊர் மாற்றத்தாலும் வேலை மாற்றத்தாலும் வந்திருக்கும். இந்த ஊரின் பிரிவுக்கு அந்த எண்களை அப்படியே தூக்கி ஒட்ட எனக்கு மனமில்லை. இதோடு இன்னொரு ஆய்வையும் சேர்த்துப் பார்க்கலாம். மஹ்தி ரோகனிசாத், வனெசா போன்ஸ் இருவரும் 2017இல், அறிமுகமற்றவர்களிடம் ஒரு சிறு உதவியை நேரில் கேட்பது மின்னஞ்சலில் கேட்பதைவிட 34 மடங்கு பலித்தது என்று கண்டார்கள். கேட்டவர்களோ எழுத்தில் கேட்பதும் நேரில் கேட்பதும் ஏறத்தாழ ஒரே பலன் தரும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். நீண்ட மௌனத்துக்குப் பின் எழுதும்போது நாம் பாதி அறிமுகமற்றவராகிவிட்டோம். எழுத்தில் வைத்த வேண்டுகோள் நாம் நினைப்பதைவிட வலுவற்றது. கடிதத்தை வேண்டுகோளுக்குரிய வண்டியாக்காமல் பேச்சுக்குரிய வாசலாக்கினால், வேண்டுகோளுக்கும் அது நல்லது. உயிர் போகும் அவசரத்துக்கு இவையெல்லாம் பொருந்தாது. ஆஸ்பத்திரியில் இரத்தம் தேவை என்றால் முதல் வரியில் இரத்த வகையை எழுதுங்கள். யார் என்பதைப் பிறகு சொல்லலாம்.

இதுவரை வெளியே இருந்து இங்கே எழுதுகிறவரைப் பற்றியே பேசினேன். இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு மறுபக்கம்தான் கடினம். இங்கிருந்து லண்டனுக்கோ ரொறொன்ரோவுக்கோ எழுதினால், காசு கேட்கத்தான் எழுதுகிறார் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தினாலேயே மானமுள்ளவர்கள் எழுதாமல் இருந்துவிடுகிறார்கள். கேட்கக் கூச்சமில்லாதவர்களின் கடிதங்கள் மட்டும் போய்ச் சேர்கின்றன. அதனால் அங்கே இருப்பவரின் ஐயமும் உறுதிப்படுகிறது. சிலர் இதை முறியடிக்க, ‘நான் எதுவும் கேட்க எழுதவில்லை’ என்று முதல் வரியிலேயே எழுதிவிடுகிறார்கள். அதுவும் வேண்டுகோளை முதல் வரியில் கொண்டுவந்து வைப்பதுதான். இல்லை என்று சொன்னாலும் வாசிப்பவர் நினைப்பது அதையே. அதற்குப் பதிலாக, இங்கே இருப்பவரால் மட்டும் கொடுக்கக்கூடியதைக் கொடுக்கலாம். பழைய ஷிப்டில் யார் யார் ஓய்வு பெற்றார்கள், ஆலை வாசலில் இருந்த தேநீர்க் கடை இப்போது யார் கையில், அந்த இறங்குதுறை இன்று எப்படித் தெரிகிறது என்று ஒரு புகைப்படம். இவற்றை ரொறொன்ரோவில் காசு கொடுத்தும் வாங்க முடியாது. பதில் வராவிட்டால் சில மாதம் விட்டு, ‘பார்த்தீர்களா’ என்று கேட்காமல், இன்னொரு செய்தியை மட்டும் அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் நிறுத்திக்கொள்ளலாம். பதில் வந்து, அதன் முதல் வரியிலேயே அங்கிருப்பவர் ஒன்றைக் கேட்டிருந்தால், தன் வீட்டுக் காணியை ஒருமுறை போய்ப் பார்த்துப் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தால், அதைக் குறையாக எடுக்க வேண்டாம். யார் என்ற கேள்விக்கு உங்கள் கடிதம் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. அவர் இப்போது தெரிந்த ஒருவரிடம் கேட்கிறார்.